எக்ஸ்பயரி நாளில் ஆப்ஷன் வாங்கும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்குகள்

செவ்வாய்க்கிழமை மதியம் 2:30. நிஃப்டி 25,000. அதே 25,000 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷன், அதாவது முடிவில் நிஃப்டி 25,000ஐத் தாண்டினால் தாண்டிய அளவு பணம் தரும் ஒப்பந்தம், 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு லாட் 65 என்பதால் மொத்தம் 1,625 ரூபாய்தான். இன்னும் ஒரு மணி நேரத்தில் நிஃப்டி 100 புள்ளி ஏறினால் இது 100 ரூபாய் ஆகிவிடும், அதாவது நான்கு மடங்கு. இறங்கினால் போவது 1,625 மட்டுமே. புதிதாக வருபவர்களை எக்ஸ்பயரி நாளுக்கு இழுப்பது இந்தக் கணக்குதான். சந்தைப் பேச்சில் இதற்கு ‘ஹீரோ ஜீரோ’ என்று பெயரே உண்டு.

கணக்கில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் நிஃப்டி எந்தப் பக்கம் போகும் என்பதை மட்டுமே அது கேட்கிறது. எவ்வளவு நேரத்தில் போகும், அதற்குள் உங்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்பதில்லை. அன்றே முடிகிற ஆப்ஷனில் முக்கியமான கேள்வி அதுதான். கீழே உள்ளவற்றை ஒரு தாளும் கால்குலேட்டரும் வைத்துக்கொண்டு செய்து பாருங்கள். இந்த வகை ஆப்ஷன் உங்களுக்கு ஒத்துவருமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

முதலில் சில அடிப்படைகள். என்எஸ்இயில் நிஃப்டியின் வாராந்தர ஆப்ஷன்கள் 2025 செப்டம்பர் முதல் செவ்வாய்க்கிழமைகளில் முடிகின்றன. அன்று விடுமுறை என்றால் அதற்கு முந்தைய வர்த்தக நாளில் முடியும். 2024 நவம்பர் வரை 25 ஆக இருந்த லாட் பிறகு 75 ஆனது, 2026 தொடக்கத்தில் 65 ஆனது. இந்த எண்கள் அவ்வப்போது மாறுபவை என்பதால் ஆர்டர் போடும் திரையில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நிஃப்டி ஆப்ஷன் பணமாகவே தீர்க்கப்படும். முடிவு நாள் வரை காத்திருந்தால் பங்கு எதுவும் கைக்கு வராது, வித்தியாசத் தொகைதான் வரும்.

முதல் படி: ஒரு நிமிட நகர்வைக் கண்டுபிடியுங்கள்

இந்தியா விக்ஸ் என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அது 12 என்று வைப்போம். அதை 16ஆல் வகுத்தால் நிஃப்டியின் ஒரு நாள் வழக்கமான நகர்வு சதவீதத்தில் கிடைக்கும். வருடத்தில் சுமார் 252 வர்த்தக நாட்கள், அதன் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 16. அவ்வளவுதான் சூத்திரம்.

```
ஒரு நாள் நகர்வு     = 25000 × 12 / 100 / 16 ≈ 188 புள்ளி
ஒரு நிமிட நகர்வு    = 188 / √375 ≈ 10 புள்ளி
```

9:15 முதல் 3:30 வரை 375 நிமிடங்கள். நகர்வு நேரத்தின் வர்க்கமூலத்தோடுதான் வளரும், நேரடியாக அல்ல. அதனால்தான் 188ஐ 375ஆல் வகுக்காமல் அதன் வர்க்கமூலத்தால் வகுக்கிறோம். விக்ஸ் அடுத்த 30 நாட்களின் ஏற்ற இறக்கத்துக்கான மதிப்பீடு. ஒரு குறிப்பிட்ட மதியத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஆனாலும் நமக்கு வேண்டிய அளவுக்கு இந்தத் தோராயம் போதும்.

அந்த 10 புள்ளியை நினைவில் வையுங்கள். நிஃப்டி எந்தக் காரணமும் இல்லாமல், செய்தி எதுவும் வராமல், ஒரு நிமிடத்தில் சாதாரணமாக ஆடும் அளவு அது.

இரண்டாம் படி: ஒரே ஸ்ட்ரைக்கை மூன்று நேரத்தில் பாருங்கள்

டெல்டா என்பது நிஃப்டி 1 புள்ளி நகர்ந்தால் பிரீமியம், அதாவது ஆப்ஷனின் விலை, எத்தனை ரூபாய் நகரும் என்ற கணக்கு. ஸ்ட்ரைக்கும் நிஃப்டியும் ஒரே இடத்தில் இருந்தால் டெல்டா ஏறக்குறைய 0.5. அந்த டெல்டாவே எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைச் சொல்வது காமா.

25,000 ஸ்ட்ரைக் காலை எடுத்துக்கொண்டு, நிஃப்டி சட்டென்று 50 புள்ளி இறங்கினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். இங்கே தரும் விலைகள் வழக்கமான ஆப்ஷன் சூத்திரத்தில் மேலே சொன்ன நகர்வை வைத்துக் கணக்கிட்டவை. மதியம் 2:30க்கும் அதன் பிறகும் உள்ள விலைகளில், ஆறாம் படியில் பார்க்கப்போகும் கடைசி அரை மணி நேரச் சராசரியின் விளைவும் சேர்ந்திருக்கிறது. சந்தை விலை சற்று முன்பின் இருக்கும்.

எக்ஸ்பயரிக்கு ஐந்து வர்த்தக நாட்கள் இருக்கும்போது அந்தக் கால் சுமார் 168 ரூபாய். 50 புள்ளி இறங்கியதும் 144 ஆகும். போனது 14 சதவீதம். டெல்டா 0.5இலிருந்து 0.45 ஆகியிருக்கும். கிட்டத்தட்ட அதே பொருள்தான் உங்கள் கையில் இருக்கிறது.

எக்ஸ்பயரி நாள் காலையில், சந்தை திறந்ததும், அதே ஸ்ட்ரைக் சுமார் 75 ரூபாய். 50 புள்ளி இறக்கத்தில் 53 ஆகும். போனது 30 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு.

மதியம் 2:30க்கு 25 ரூபாய். அதே 50 புள்ளி இறக்கத்தில் 7 ரூபாய் சொச்சம். 70 சதவீதம் காலி. டெல்டா 0.5இலிருந்து 0.2 ஆகிவிட்டது.

இந்தக் கடைசி டெல்டாவைக் கவனியுங்கள். காமா என்றாலே மொத்தமாக ‘ஆபத்து’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் விட்டுவிடும் இடம் இது. 50 புள்ளி இறங்கிய நிஃப்டி அடுத்த நிமிடம் 10 புள்ளி மீண்டால், உங்கள் கால் 5 ரூபாய் ஏறாது. 2 ரூபாய்தான் ஏறும். விழும்போது முதல் பத்துப் புள்ளிக்கு ஏறக்குறைய 5 ரூபாய் போனது. திரும்பும்போது முதல் பத்துப் புள்ளிக்கு அதில் பாதிகூட வருவதில்லை. நிஃப்டி முழுசாக 50 புள்ளியும் மீண்டால் விலையும் மீளும்தான், ஆனால் அதற்குள் கடிகாரம் ஓடியிருக்கும்.

அந்தக் கடிகாரத்தையும் ரூபாயில் சொல்லிவிடலாம். 2:30க்கு 25 ரூபாயாக இருந்த ஆப்ஷன், நிஃப்டி ஒரு புள்ளிகூட நகராமல் 25,000இலேயே நின்றால், 3:00 மணிக்குச் சுமார் 12 ரூபாய். எதுவுமே நடக்காமல் அரை மணி நேரத்தில் பாதி கரைந்துவிடுகிறது.

ஏறினால் காமா உங்களுக்குச் சாதகம்தான், மறுக்கவில்லை. 2:30க்கு வாங்கியதும் 50 புள்ளி ஏறினால் 25 ரூபாய் 57 ஆகும். வாங்குபவர் பிரீமியம் கொடுப்பதே இந்தச் சாதகத்துக்காகத்தான். நகர்வு வரும், வேகமாக வரும், நினைத்த திசையில் வரும் என மூன்றும் சேர்ந்தால்தான் கொடுத்த விலைக்குக் கட்டுபடியாகும்.

மூன்றாம் படி: உங்கள் ஸ்டாப் லாஸை நிமிடமாக மாற்றுங்கள்

புதியவர்களுக்குப் பெரும்பாலும் சொல்லித்தரப்படும் விதி ‘பிரீமியத்தில் 20 சதவீதம் போனால் வெளியே வந்துவிடு’ என்பது. கேட்க ஒழுக்கமாகத்தான் இருக்கிறது. இதையே மூன்று நேரத்துக்கும் போட்டுப் பாருங்கள்.

ஐந்து நாள் இருக்கும் 168 ரூபாய் ஆப்ஷனில் 20 சதவீதம் என்பது 34 ரூபாய். அவ்வளவு போக நிஃப்டி சுமார் 73 புள்ளி எதிராக நகர வேண்டும். நிமிடத்துக்கு 10, நேரத்தின் வர்க்கமூலத்தோடு வளரும் என்ற அளவுகோலில், அது ஏறக்குறைய ஒரு மணி நேர நகர்வு.

எக்ஸ்பயரி நாள் காலையில் 75 ரூபாய் ஆப்ஷனில் 20 சதவீதம் 15 ரூபாய். அதற்குச் சுமார் 32 புள்ளி போதும். பத்து நிமிட நகர்வு.

மதியம் 2:30க்கு 25 ரூபாயில் 20 சதவீதம் 5 ரூபாய். அதற்குப் பத்துப் பதினோரு புள்ளி போதும். அதாவது ஒரு நிமிட நகர்வு.

விதி ஒன்றுதான், சதவீதமும் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் யோசிக்க ஒரு மணி நேரம் கிடைக்கிறது, இன்னொன்றில் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் நிஃப்டி கீழே போனதற்கு அர்த்தம் ஏதும் இருக்க வேண்டியதில்லை. உங்கள் கணிப்பு சரியாக இருந்தாலும் ஸ்டாப் அடித்துவிட்டு, பிறகு நீங்கள் நினைத்த திசையிலேயே போகும். ‘என்னைப் பார்த்தே அடிக்கிறார்கள்’ என்று பலர் புலம்புவதில் பாதிக்கு மேல் இதுதான். யாரும் குறிவைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஸ்டாப் வைத்த இடமே வழக்கமான ஆட்டத்துக்குள் இருக்கிறது.

அப்படியானால் ஸ்டாப்பை அகலமாக வைக்கலாமே? வைக்கலாம். ஆனால் 50 புள்ளி இடம் கொடுத்தால் பிரீமியத்தில் 70 சதவீதத்தை விடத் தயாராகிவிட்டீர்கள் என்று அர்த்தம். இந்த நேரத்தில் ஆப்ஷன் வாங்குபவருக்கு நேர்மையான ஸ்டாப் ஒன்றுதான்: கட்டிய முழுப் பணம். அதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு அளவைச் சிறியதாக வைப்பவருக்கு இது ஒரு கணக்கு. பாதியில் வெளியே வந்துவிடலாம் என்று நம்பி அளவைப் பெரிதாக்குபவருக்கு வேறு கணக்கு.

நான்காம் படி: உள்ளே போய் வெளியே வர ஆகும் செலவு

ஆர்டர் போடும் முன் மார்க்கெட் டெப்த்தைத் திறந்து, வாங்குபவர் கேட்கும் விலையும் விற்பவர் சொல்லும் விலையும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று பாருங்கள். நிஃப்டி அப்போது நிற்கும் இடமான ஸ்பாட்டுக்கு அருகில் உள்ள ஸ்ட்ரைக்குகளில் சாதாரண நேரத்தில் இந்த ஸ்பிரெட் சில பைசாக்கள்தான். 24.90க்கும் 25.10க்கும் நடுவில் 20 பைசா என்று வைப்போம். ஒரு லாட்டுக்கு 13 ரூபாய்.

இதோடு புரோக்கரேஜ். பல டிஸ்கவுண்ட் புரோக்கர்களிடம் ஆர்டருக்கு 20 ரூபாய். வாங்க 20, விற்க 20, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 47 ரூபாய். பரிவர்த்தனை வரி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம் எல்லாம் சேர்த்தால் 50 ரூபாய் சொச்சம். ஸ்பிரெட்டோடு 63, 65 ரூபாய். 1,625 ரூபாய் வியாபாரத்தில் 4 சதவீதம், நிஃப்டி நகர்வதற்கு முன்பே.

விலை குறையக் குறைய இது மோசமாகும். 5 ரூபாய் ஆப்ஷன் ஒரு லாட் 325 ரூபாய். அதில் உள்ளே வெளியே போகும் செலவு 17 சதவீதத்துக்குப் பக்கம். 1 ரூபாய் ஆப்ஷன் ஒரு லாட் 65 ரூபாய். அதை வாங்கி விற்கப் புரோக்கரேஜ் மட்டுமே 47. புரோக்கரேஜ் ஆர்டருக்குத்தான், லாட்டுக்கு அல்ல. அதனால் ‘ஒரு லாட் வாங்கினால் கட்டுபடியாகாது, பத்தாக வாங்குவோம்’ என்று கை தானாகவே அளவைக் கூட்டும். மலிவான ஆப்ஷனில் பெரிய தொகை மாட்டுவது இப்படித்தான்.

இவ்வளவும் சந்தை அமைதியாக இருக்கும்போது. நிஃப்டி 20, 30 புள்ளி பாயும் அந்தச் சில நொடிகளில் விலை சொல்பவர்கள் தங்கள் ஆர்டரைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். காமா அதிகமாக இருக்கும்போது அவர்களுக்கும் அதே பயம்தான். 20 பைசா ஸ்பிரெட் ஒரு ரூபாய், ஒன்றரை ரூபாய் ஆகும். சரியாக நீங்கள் வெளியே வர நினைக்கும் நேரமும் அதுவே.

ஐந்தாம் படி: ஸ்டாப் ஆர்டர் உண்மையில் எப்படி வேலை செய்கிறது

என்எஸ்இயில் ஆப்ஷன்களுக்கு SL-M வகை, அதாவது தூண்டியதும் சந்தை விலையில் விற்கும் ஸ்டாப் ஆர்டர், 2021 செப்டம்பரிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. மீதி இருப்பது SL. அதில் இரண்டு விலை கொடுக்க வேண்டும்: எந்த விலையில் ஆர்டர் விழித்துக்கொள்ள வேண்டும் என்ற ட்ரிகர், எந்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்ற லிமிட்.

25க்கு வாங்கி, ட்ரிகர் 20, லிமிட் 19 என்று வைத்தீர்கள். நிஃப்டி சட்டென்று இறங்குகிறது. கடைசி விலை 20.50. அடுத்த வியாபாரம் 17.80இல் நடக்கிறது. ட்ரிகர் வேலை செய்தது, உங்கள் விற்பனை ஆர்டர் 19 ரூபாயில் போய் உட்கார்ந்தது. ஆனால் அந்த விலைக்கு வாங்க ஆள் இல்லை. ஆர்டர் புத்தகத்தில் அது ‘ஓப்பன்’ என்று தெரியும். ஸ்டாப் போட்டிருக்கிறோம் என்ற நிம்மதியில் நீங்கள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்க, விலை 12, 9 என்று இறங்கும்.

இது நடந்ததா என்று கண்டுபிடிக்க எளிய வழி: ஸ்டாப் அடித்ததாக அறிவிப்பு வந்ததும் ஆர்டர் புத்தகத்தைப் பார்க்காமல் பொசிஷன் பக்கத்தைப் பாருங்கள். அங்கே அளவு பூஜ்யம் ஆகவில்லை என்றால் நீங்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறீர்கள். இதைத் தவிர்க்க ட்ரிகருக்கும் லிமிட்டுக்கும் நடுவில் தாராளமாக இடைவெளி விட வேண்டும், ட்ரிகர் 20 என்றால் லிமிட் 15 என்பதுபோல. அப்போது விற்றுவிடும். ஆனால் 20 சதவீத நஷ்டம் என்று நினைத்தது 30 சதவீதமாக முடியக்கூடும்.

இருபது நிமிடம் எப்படிப் போகும்

இதுவரை சொன்னதை ஒரே ஓட்டத்தில் பார்ப்போம். ஒருவரிடம் 16,250 ரூபாய் இருக்கிறது. 2:30க்கு 25,000 காலை 25 ரூபாயில் பத்து லாட் வாங்குகிறார்.

2:38க்கு நிஃப்டி 24,950. எட்டு நிமிடத்தில் 50 புள்ளி என்பது சற்றுப் பெரிய நகர்வுதான், ஆனால் எக்ஸ்பயரி மதியத்தில் அபூர்வம் இல்லை. எட்டு நிமிடக் கரைசலும் சேர்ந்து கால் இப்போது ஐந்தரை ரூபாய். ‘இனி இறங்கத்தான் போகிறது’ என்று விற்றுவிடுகிறார். 650 யூனிட், யூனிட்டுக்கு 19.50 நஷ்டம், ஆக 12,675 ரூபாய். கையில் 3,575.

விட்டதைப் பிடிக்க உடனே, நிஃப்டி இறங்கினால் விலை ஏறும் புட் ஆப்ஷனை 24,950 ஸ்ட்ரைக்கில் வாங்குகிறார். விலை 22 ரூபாய். இரண்டு லாட், 2,860 ரூபாய். 2:50க்கு நிஃப்டி 24,980க்கு மீண்டு வருகிறது. புட் 6 ரூபாய் சொச்சம். விற்றால் இன்னும் 2,000 ரூபாய் போகிறது.

இருபது நிமிடத்தில் 14,700 ரூபாய், கட்டணங்கள் தனி. இந்த இருபது நிமிடத்தில் நிஃப்டி நிகரமாக நகர்ந்தது 20 புள்ளி, 0.08 சதவீதம். மாலைச் செய்தியில் ‘நிஃப்டி மாற்றமின்றி முடிந்தது’ என்றுதான் வரும்.

ஒவ்வொரு வியாபாரத்திலும் வாங்குபவரின் நஷ்டத்துக்கு எல்லை உண்டு என்பது உண்மைதான். ஆனால் நாளுக்கு எல்லை இல்லை. அடுத்த வியாபாரத்துக்கு இடைவெளியே இல்லாததால், முதல் நஷ்டத்தின் சூட்டிலேயே இரண்டாவது நடந்துவிடுகிறது. ஐந்து நாள் இருக்கும் ஆப்ஷனில் இதே 50 புள்ளி இறக்கம் நடந்திருந்தால் டீ குடித்துவிட்டு வந்து யோசித்திருக்கலாம்.

ஆறாம் படி: 3:00 மணிக்கு மேல் ஸ்பாட்டை நம்பாதீர்கள்

இது பலருக்குத் தெரியாத விஷயம். நிஃப்டி ஆப்ஷன் தீர்க்கப்படுவது கடைசி நொடியில் திரையில் ஓடிய விலையில் அல்ல. நிஃப்டியின் முடிவு மதிப்பில். அது அதிலுள்ள பங்குகளின் கடைசி அரை மணி நேர, அதாவது 3:00 முதல் 3:30 வரையிலான, எடையிட்ட சராசரியிலிருந்து கணக்கிடப்படுவது. (முடிவு விலை கணக்கிடும் முறையை எக்ஸ்சேஞ்ச் மாற்றுவது உண்டு என்பதால், அன்றைய விதியைச் சுற்றறிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.)

3:00இலிருந்து 3:20 வரை நிஃப்டி சராசரியாக 24,980இல் இருந்தது என்று வைப்போம். 3:20க்குத் துள்ளி 25,030க்குப் போய், கடைசிப் பத்து நிமிடமும் அங்கேயே நின்றது. திரையில் பார்ப்பவருக்கு 25,000 கால் 30 ரூபாய் பெறும் என்று தோன்றும். ஆனால் சந்தை அதை 30க்குப் பக்கத்தில்கூட விற்காது, மிகக் குறைந்த விலையில் கிடைக்கும். ‘அட, மலிவாக இருக்கிறதே’ என்று வாங்குவார்.

சராசரியைப் போடுங்கள். இருபது நிமிடம் 24,980, பத்து நிமிடம் 25,030. தோராயமாக 24,997. கால் பூஜ்யம். ஸ்பாட் 25,030இல் முடிந்தும் 25,000 கால் செல்லாக்காசாகிவிட்டது.

சந்தை மலிவாகக் கொடுக்கிறது என்றால் அதற்குத் தெரிந்த ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். 3:20க்கு முடிவு மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது. அதன்பின் நிஃப்டி 30 புள்ளி நகர்ந்தால் முடிவு மதிப்பு 10 புள்ளிதான் நகரும். புதியவருக்கு என் யோசனை: 3:00 மணிக்கு மேல் புதிதாக எதையும் வாங்க வேண்டாம்.

‘அப்போ விற்பவராக இருந்துவிட்டால்?’

இதையெல்லாம் படித்ததும் இயல்பாக வரும் கேள்வி. கரையத்தானே போகிறது, விற்றுவிட்டு உட்கார்ந்தால் போதுமே? 2:30க்கு 25,100 காலை 3 ரூபாய்க்கு விற்கிறீர்கள். ஒரு லாட்டுக்குக் கிடைப்பது 195 ரூபாய். பெரும்பாலான செவ்வாய்களில் அது அப்படியே உங்களுடையது. ஒரு செவ்வாயில் நிஃப்டி சில நிமிடத்தில் 100 புள்ளி ஏறும். அந்த 3 ரூபாய் ஆப்ஷன் 25 ரூபாய் ஆகும். ஒரு லாட்டுக்கு 1,430 ரூபாய் நஷ்டம், விற்றுக் கிடைத்ததைப்போல் ஏழு மடங்கு. அதோடு நிற்கும் என்ற உறுதியும் இல்லை. இந்தப் பக்கத்தில் நஷ்டத்துக்கு எல்லை கிடையாது, காமாவும் உங்களுக்கு எதிரி.

2024 நவம்பர் முதல் எக்ஸ்பயரி நாளில் விற்கப்பட்டிருக்கும் இண்டெக்ஸ் ஆப்ஷன்களுக்குக் கூடுதலாக 2 சதவீத மார்ஜின் வைக்க வேண்டும் என்று செபி சொன்னதற்குக் காரணம் இதுதான். ஒரு லாட்டின் மதிப்பு 16.25 லட்சம் என்றால், ஏற்கெனவே கட்டியதன்மேல் இன்னும் 32,500 ரூபாய். மூன்று ரூபாய்க்காக அவ்வளவு பணத்தை நிறுத்துவது புதியவர் செய்யக்கூடிய காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

எதிர்ப்பக்கம் யார் இருக்கிறார்கள் என்பதும் ஒரு தகவல். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்குசார் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். அதே ஆய்வு, வெளிநாட்டு முதலீட்டாளர்களும் சொந்தக் கணக்கில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்களும் ஈட்டிய லாபத்தில் பெரும்பகுதி, 95 சதவீதத்துக்கும் மேல், கணினி தானாகப் போடும் ஆர்டர்களால் வந்தது என்கிறது. எக்ஸ்பயரிக்கு மட்டுமான எண்கள் இல்லை இவை. ஆனால் ஒரு நிமிட நகர்வில் தீர்மானமாகும் விளையாட்டில் விரலால் ஆர்டர் போடுபவர் எந்த வரிசையில் நிற்கிறார் என்பது இதிலிருந்து புரியும்.

யாருக்கு ஒத்துவரும்

சிலருக்கு ஒத்துவரும். மாதாந்தர ஆப்ஷன்களில் கொஞ்ச காலம் பழகி, டெல்டா மாறுவதைத் தன் கண்ணால் பார்த்தவர். அன்று முழுவதும் திரை முன்னால் இருக்க முடிந்தவர். கட்டும் பிரீமியம் முழுவதையும் செலவுக் கணக்கில் எழுதிவிட்டு ஆர்டர் போடுபவர். அல்லது கையில் பெரிய பங்கு இருப்பு வைத்துக்கொண்டு, தேர்தல் முடிவு மாதிரி ஒரு நாளுக்கு மட்டும் பாதுகாப்பாகப் புட் வாங்குபவர். அலுவலக இடைவேளையில் போனைப் பார்த்துக்கொண்டே செய்பவர் இந்தப் பட்டியலில் இல்லை.

ஏழாம் படி: தாளில் எழுதிப் பாருங்கள், பிறகு அடுத்த வாரத்துக்கு நகருங்கள்

நாலைந்து செவ்வாய்க்கிழமைகள் பணம் போடாமல் செய்யுங்கள். 2:00 மணிக்கு ஸ்பாட்டுக்கு அருகிலுள்ள காலையோ புட்டையோ தேர்ந்தெடுத்து, வாங்குவதானால் விற்பவர் சொல்லும் ஆஸ்க் விலையையும் விற்பதானால் வாங்குபவர் கேட்கும் பிட் விலையையும் எழுதுங்கள். கடைசி விலையை எழுதினால் தாளில் லாபம் வரும், கணக்கில் வராது. ஸ்டாப் அடித்த நேரம், அந்த நொடியில் பிட் எங்கே இருந்தது, முடிவெடுக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது ஆகியவற்றையும் குறியுங்கள். கடைசியில் ஒவ்வொரு வியாபாரத்துக்கும் 50 ரூபாய் கழியுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துபோனவை பாதிக்கு மேல் இருந்தால், நீங்கள் முடிவெடுக்கவே இல்லை, ஆட்டம் உங்களுக்காக எடுத்துவிட்டது.

சந்தை பற்றிய உங்கள் எண்ணம் சரி என்று தோன்றினால் அதை வெளிப்படுத்த வேறு வழி பக்கத்திலேயே இருக்கிறது. ஆப்ஷன் செயினில் எக்ஸ்பயரி தேதியை அடுத்த செவ்வாய்க்கு மாற்றுங்கள். அதே 25,000 கால் அங்கே சுமார் 168 ரூபாய், ஒரு லாட் 10,920. விலையைப் பார்த்ததும் ‘இவ்வளவா’ என்று தோன்றும். ஆனால் ஏறக்குறைய அதே பணத்துக்கு இன்று முடிவதில் ஆறு லாட் வாங்கியிருப்பீர்கள். நிஃப்டி உடனே 50 புள்ளி எதிராகப் போனால் அந்த ஆறு லாட்டில் போவது 7,000 ரூபாய், இந்த ஒரு லாட்டில் போவது 1,560. சாயங்காலம் உட்கார்ந்து யோசிக்க இதில் இன்னும் 9,000 ரூபாய்க்கு மேல் மீதி இருக்கும். 10,920 அதிகம் என்று தோன்றினால், சற்றுத் தள்ளியுள்ள ஸ்ட்ரைக்கில் ஒரு காலை விற்று, வாங்கிய காலின் செலவைக் குறைக்கலாம். அந்த இரண்டையும் எக்ஸ்பயரிக்கு முந்தைய நாளே, ஒன்றாகவே முடித்துவிடுங்கள். விற்ற காலைத் தனியாக விட்டுவிட்டு வாங்கியதை மட்டும் விற்காதீர்கள்.